ஆப்ஷன் லாபத்தை மூலதன ஆதாயத்தில் போட்டுவிட்டால்

"2022லிருந்து சிங்கப்பூரில் வேலை. வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வழியாக இந்தியப் பங்குகளும் நிஃப்டி ஆப்ஷனும் ஆன்லைனில் வாங்கி விற்கிறேன். 2024-25இல் பங்கில் 90,000 ரூபாய், ஆப்ஷனில் 2,60,000 ரூபாய் லாபம். என்.ஆர்.ஓ. வைப்புக்கு 48,000 வட்டியும் உண்டு. பங்கு, ஆப்ஷன் இரண்டையும் சேர்த்து 3,50,000 என்று ITR-2 வரிப் படிவத்தில் குறுகிய கால மூலதன ஆதாயமாகக் காட்டி, ஆகஸ்டில் தாக்கல் செய்து வரியும் கட்டிவிட்டேன். ஆப்ஷன் லாபம் தொழில் வருமானம், தலைப்பே தப்பு என்கிறார் உடன் வேலை பார்க்கும் நண்பர். எப்படிச் சரிசெய்வது? இங்கே சிங்கப்பூர் வரி ஆணையமான ஐராஸுக்கும் சொல்ல வேண்டுமா?"

உங்கள் நண்பர் சொல்வது சரி. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களைப் பார்த்தால் இந்தத் தவறால் நஷ்டப்பட்டிருப்பது வரித்துறை இல்லை, நீங்கள்தான். கட்ட வேண்டியதைவிட ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கட்டியிருக்கிறீர்கள். திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை வழி இருக்கிறது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. அதனால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

தலைப்பு ஏன் மாறுகிறது என்பது புரிந்தால், அடுத்த ஆண்டும் இதே இடத்தில் இடற மாட்டீர்கள். பங்கை வாங்கினால் அது உங்கள் டீமேட் கணக்கில் வந்து உட்காருகிறது. அது ஒரு சொத்து. விற்றால் வருவது மூலதன ஆதாயம். நிஃப்டி ஆப்ஷனில் அப்படி எதுவும் கைக்கு வருவதில்லை. ஒரு தேதியோடு முடிந்துபோகும் ஒப்பந்தம் அது. வாங்கிய விலைக்கும் முடித்த விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கணக்கில் வரவாகவோ பற்றாகவோ விழும். வருமான வரிச் சட்டத்தின் 43(5) பிரிவு, பொருள் கைமாறாமல் வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் வியாபாரத்தை ஊக வணிகம் என்று சொல்லிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் நடக்கும் பியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்துக்கு அதிலிருந்து விலக்கு தருகிறது. அந்தப் பிரிவு இருப்பதே தொழில் வருமானத்தைக் கணக்கிடும் அத்தியாயத்தில்தான். "ஆப்ஷன் என்றாலே தொழில்" என்று சட்டத்தில் தனியாக ஒரு வரி கிடையாது. ஆனாலும் ஆடிட்டர்களும் வரித்துறையும் இந்தப் பிரிவை வைத்து அதை ஊகம் அல்லாத தொழில் வருமானமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டு முழுக்க அடிக்கடி வாங்கி விற்ற ஒருவர் வேறு விதமாக வாதிட இடம் மிகக் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய 20 சதவீத விகிதம் 111ஏ பிரிவில் வருவது. பங்குச் சந்தைப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்.டி.டி., கட்டி விற்ற பங்குகள், பங்குசார் மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டுகள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அந்த விகிதம். ஆப்ஷனிலும் எஸ்.டி.டி. பிடிக்கிறார்களே என்பதால் பலர் அதையும் அங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ஆப்ஷன் ஒப்பந்தம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த 2,60,000 அங்கே நிற்காது.

இனி பணத்தைப் பார்ப்போம். நீங்கள் புதிய வரி முறையில் இருப்பதாகவும், பங்குகளை 2024 ஜூலை 23க்குப் பிறகு விற்றதாகவும் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தேதிக்கு முன் விற்றிருந்தால் பங்கு லாபத்துக்கு விகிதம் 15 சதவீதம். நீங்கள் போட்ட கணக்குப்படி 3,50,000க்கு 20 சதவீதம் 70,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 2,800. மொத்தம் 72,800. வட்டி 48,000 அடிப்படை விலக்குக்குள் அடங்கிவிட்டதால் அதற்கு வரி இல்லை. பங்கு லாபத்தில் 20.8 சதவீத டி.டி.எஸ். என்று 18,720 பிடித்திருப்பார்கள். வட்டியில் 31.2 சதவீதம் என்று 14,976 பிடித்திருப்பார்கள். மீதி 39,104 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கட்டியிருப்பீர்கள். கூடவே முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டியும் கொஞ்சம் போயிருக்கும்.

சரியான தலைப்பில் போட்டால் கணக்கே வேறு. தொழில் வருமானம் என்றால் செலவைக் கழிக்கலாம். புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி. மட்டுமல்ல, எஸ்.டி.டி.யையும் கழிக்கலாம். மூலதன ஆதாயத்தில் எஸ்.டி.டி.யைக் கழிக்கவே முடியாது. உங்கள் ஆப்ஷன் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 38,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையில் இருக்கும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2,60,000இல் 38,000 போக 2,22,000. இதோடு வட்டி 48,000 சேர்த்தால் 2,70,000. 2024-25க்குப் புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. ஆக இந்த இரண்டு வருமானத்துக்கும் வரி சுழி. பங்கில் வந்த 90,000க்கு மட்டும் 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 18,720. அது டி.டி.எஸ்.ஸாக ஏற்கெனவே போய்விட்டது. வட்டியில் பிடித்த 14,976, நீங்கள் கட்டிய 39,104, இரண்டும் சேர்ந்து 54,080 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். தாமத வட்டி கட்டியிருந்தால் அதுவும் சேரும், ஏனென்றால் டி.டி.எஸ். போக மீதி வரியே இல்லாதபோது முன்கூட்டிய வரி கட்டும் கடமையும் இல்லை.

இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் நீங்கள் இந்திய வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதுதான். சென்னையில் இருக்கும் ஒருவர் இதே தவறைச் செய்திருந்தால், அடிப்படை விலக்கில் பயன்படாமல் கிடக்கும் பகுதியை 111ஏ ஆதாயத்திலிருந்து கழித்துக்கொண்டிருப்பார். அந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வெளிநாட்டில் வசிக்கும் நமக்கு முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம். குறைந்த வருமானக்காரருக்கான 87ஏ வரித் தள்ளுபடியும் நமக்குக் கிடையாது. அதனால்தான் மேலே சொன்ன கணக்கில், 3 லட்சத்தில் 30,000 மீதம் இருந்தும் அதைப் பங்கு லாபத்தின் பக்கம் திருப்ப முடியவில்லை. ஊரில் இருக்கும் ஆடிட்டர் பழக்கத்தில் அதைக் கழித்துப் போட்டுவிடலாம். கவனமாகப் பாருங்கள்.

எல்லாருக்கும் இப்படிச் சாதகமாக வரும் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு ஊரில் வாடகை வருமானமும் பெரிய வைப்புகளும் இருந்து, மொத்தம் 30 சதவீத அடுக்கைத் தொட்டிருந்தால், அதே 2,22,000க்குச் செஸ் சேர்க்காமல் 66,600 வரி வரும். மூலதன ஆதாயமாகப் போட்டபோது 2,60,000க்கு 52,000தான். அப்போது குறைவாகக் கட்டியவர் ஆகிறீர்கள். துறை கண்டுபிடித்துக் கேட்டால், குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீதம் அபராதம் விதிக்க 270ஏ பிரிவில் இடம் இருக்கிறது. தானாக முன்வந்து திருத்திய ரிட்டர்ன் போட்டு மீதி வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

திருத்துவதற்கு முதலில் புரோக்கரின் இணையதளத்திலிருந்து 2024-25க்கான வரி லாப நட்ட அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்குங்கள். டெலிவரிப் பங்குகள் ஒரு தாளிலும், பியூச்சர், ஆப்ஷன் வியாபாரம் எஃப் அண்ட் ஓ என்ற பெயரில் இன்னொரு தாளிலும் இருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள். எஃப் அண்ட் ஓ தாளில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் லாபமோ நட்டமோ தனி வரியாக இருக்கும். லாப வரிகளைக் கூட்டுங்கள், நட்ட வரிகளைத் தனியாகக் கூட்டுங்கள். லாபம் 5,10,000, நட்டம் 2,50,000 என்று வந்தால், வித்தியாசம் உங்கள் 2,60,000. விற்றுமுதல் என்பது இரண்டையும் குறி பார்க்காமல் கூட்டிய தொகை, அதாவது 7,60,000.

இந்த விற்றுமுதலில்தான் பலர் பயந்துபோகிறார்கள். நிஃப்டி 24,000இல் இருக்க, 75 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டின் ஒப்பந்த மதிப்பு 18 லட்சம். ஆண்டில் நூறு முறை வாங்கி விற்றால் 18 கோடி ஆகிவிட்டதே, கட்டாயத் தணிக்கை வந்துவிடுமே என்று நினைத்து, ITR-2இலேயே ஒதுங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒப்பந்த மதிப்பு விற்றுமுதல் ஆகாது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பு சொல்வது மேலே சொன்ன முறையைத்தான். பணமெல்லாம் வங்கி வழியாகவே போய்வருவதால் கட்டாயத் தணிக்கைக்கான வரம்பு 10 கோடி. 7,60,000 எங்கே, 10 கோடி எங்கே!

விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் 44ஏடி உத்தேசத் திட்டத்தை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். ITR-4 படிவமும் அதனால் நமக்கு இல்லை. உங்களுக்கு ITR-3 மட்டும்தான்.

மின்தாக்கல் தளத்தில் நுழைந்து `e-File`, பிறகு `Income Tax Returns`, பிறகு `File Income Tax Return` என்று போங்கள். 2024-25 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு `2025-26`. எந்தப் பிரிவில் தாக்கல் என்று கேட்கும் இடத்தில் `139(5)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் திருத்திய ரிட்டர்ன். ஆகஸ்டில் போட்ட ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தேதியும் கேட்கும். முதலில் ITR-2 போட்டவர் திருத்தும்போது ITR-3க்கு மாறுவதில் தடையில்லை. வசிப்பு நிலை `Non-Resident`. வசிக்கும் நாட்டில் சிங்கப்பூர். வரி அடையாள எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் வேலை அனுமதி அட்டையில் உள்ள ஃபின் எண்ணைப் போடலாம். நிரந்தரவாசி ஆகிவிட்டிருந்தால் அடையாள அட்டை எண்.

வரி முறை கேட்கும் கேள்வியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறையை ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் இருப்பவர் பழைய முறை வேண்டுமென்றால் `Form 10-IEA` என்ற தனிப் படிவத்தை அசல் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். அந்தத் தேதி போய்விட்டது. ஆகஸ்டில் பழைய முறையில் போட்டிருந்தீர்களென்றால், திருத்தும்போது புதிய முறைக்கு வந்தாக வேண்டும்; எல்.ஐ.சி. பிரீமியம் போன்ற கழிவுகள் போய்விடும். உங்கள் எண்களில் அதனால் பாதிப்பு இல்லை. வீட்டுக் கடன் வட்டியைக் கழித்து வந்த ஒருவருக்கு அது பெரிய இடி.

தொழிலின் தன்மை என்ற பட்டியலில் பியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வியாபாரத்துக்குத் தனி வரி இருக்கிறது. அதையே எடுங்கள். பக்கத்திலேயே ஊக வணிகம் என்றும் ஒன்று இருக்கும். கை அங்கே போகக் கூடாது. தலைப்பைத் திருத்தப் போய், உள்பிரிவில் இன்னொரு தவறு செய்வது இந்த இடத்தில்தான். லாபம் வந்த ஆண்டில் அது பெரிதாகத் தெரியாது. நட்டம் வந்த ஆண்டில்தான் உறைக்கும். ஊக நட்டத்தை ஊக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், 4 ஆண்டுதான் சுமந்து செல்லலாம். ஆப்ஷன் நட்டம் ஊகம் அல்லாத தொழில் நட்டம் என்பதால், அதே ஆண்டில் சம்பளம் தவிர்த்த மற்ற வருமானங்களில், வாடகை, வட்டி, மூலதன ஆதாயம் உட்பட, கழிக்கலாம். மிஞ்சியதை 8 ஆண்டுகளுக்குத் தொழில் வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் முதல் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால்தான் சுமந்து செல்ல முடியும். நீங்கள் போட்டிருக்கிறீர்கள், அந்த ஒழுங்கை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது லாப நட்டக் கணக்கு. தனிநபருக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எதிலாவது தொழில் வருமானம் 2.5 லட்சத்தையோ விற்றுமுதல் 25 லட்சத்தையோ தாண்டியிருந்தால் கணக்குப் புத்தகம் பராமரிக்க வேண்டும். இதுதான் ஆப்ஷனில் உங்கள் முதல் ஆண்டு என்றால் இந்த ஆண்டின் எண்ணையே பார்க்க வேண்டும். அதுவும் 2,22,000, 7,60,000 என்று இரண்டு வரம்புக்கும் உள்ளே. அப்படியானால் கணக்குப் புத்தகம் இல்லாதவருக்கான பகுதியில் நான்கே எண்கள் போதும்: மொத்த வரவு 7,60,000, மொத்த லாபம் 2,60,000, செலவு 38,000, நிகர லாபம் 2,22,000. இதை நிரப்பாமல் தொழில் வருமானத்தை மட்டும் `Schedule BP`இல் எழுதிவிட்டு அனுப்பினால், 139(9)இன் கீழ் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம். வரம்பைத் தாண்டியவர் முழு லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் நிரப்ப வேண்டும். புரோக்கர் கணக்கில் மார்ச் 31 அன்று இருந்த பணம், அந்த வங்கிக் கணக்கின் இருப்பு, நீங்கள் போட்ட முதல், இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

மூலதன ஆதாயத்துக்கான `Schedule CG`இல் இப்போது 90,000 மட்டும் நிற்க வேண்டும். வெளிநாட்டவர் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு 115ஏடி கட்டத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்கானது. உங்களுக்கு 111ஏ கட்டம்தான். இந்த ஆண்டுப் படிவம் ஜூலை 23க்கு முன், பின் என்று பிரித்துக் கேட்கும். விற்ற தேதி பார்த்துப் பிரித்துப் போடுங்கள்.

பங்கு லாபத்தையும் தொழிலுக்கு மாற்றினால் அதற்கும் செலவு கழிக்கலாமே என்று தோன்றலாம். உங்கள் கணக்கில் மீதமிருக்கும் 30,000 விலக்கும் அந்த ஆசையைத் தூண்டும். இதில் அவசரப்படாதீர்கள். ஒரே ஆள் முதலீட்டுப் பங்குகளையும் வியாபாரப் பங்குகளையும் தனித்தனியாக வைத்திருக்கலாம் என்று நேரடி வரிகள் வாரியத்தின் 2007ஆம் ஆண்டு சுற்றறிக்கை ஏற்கிறது. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட பங்குகளை மூலதன ஆதாயம் என்று நீங்கள் காட்டினால் அதிகாரி தகராறு செய்ய மாட்டார். ஆனால் எடுத்த நிலையைப் பின்வரும் ஆண்டுகளில் மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 29 தேதியிட்ட 6/2016 சுற்றறிக்கை சொல்கிறது. ஒரு ஆண்டின் 20 சதவீதத்தைத் தவிர்ப்பதற்காகப் பங்குகள் எல்லாவற்றையும் வியாபாரச் சரக்கு என்று எழுதிவிட்டால், பிறகு நெடுங்கால ஆதாயத்தின் 12.5 சதவீத விகிதத்தையும் 1,25,000 விலக்கையும் கேட்கும்போது அந்த எழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆண்டுக்கு நாலைந்து பங்கு வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு மூலதன ஆதாயமே பொருந்தும்.

உங்கள் அறிக்கையில் ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடே என்று ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். என்.ஆர்.ஓ. கணக்கில் அது இருக்க முடியாது. நமக்கு டெலிவரி எடுத்துத்தான் பங்கு விற்க அனுமதி. இருந்தால், இந்தியாவில் வசித்த காலத்துப் பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வரித் தலைப்பில் அது ஊக வணிகம். அதைவிட முக்கியம், அந்நியச் செலாவணிச் சட்டப்படி அந்தக் கணக்கை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். அதை உடனே புரோக்கரிடம் சொல்லி முடித்துவிடுங்கள்.

எல்லாம் நிரப்பிய பிறகு, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் `Form 26AS`ஐத் திறந்து டி.டி.எஸ். தொகைகள் ரிட்டர்னில் வந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஆப்ஷன் லாபத்திலும் பிடித்திருந்தால் அதுவும் அங்கே தெரியும், அதுவும் திரும்ப வரும். ஆகஸ்டில் நீங்களே கட்டிய வரியின் சலான் எண்ணும் வங்கிக் கிளையின் பி.எஸ்.ஆர். குறியீடும் ரிட்டர்னில் இருக்க வேண்டும். திரும்பி வரும் தொகைக்கு உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கு தளத்தில் முன்சரிபார்ப்பு ஆகியிருக்க வேண்டும். இது விட்டுப்போய், ரீஃபண்டு அனுமதியாகியும் பணம் வராமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கடைசிப் படி சரிபார்ப்பு. 30 நாளுக்குள் செய்யாவிட்டால் திருத்திய ரிட்டர்ன் போடாததாகவே ஆகும். ஆகஸ்டில் போட்ட தவறான ரிட்டர்னே நிலைத்துவிடும். ஆதார் ஓ.டி.பி. வர வேண்டிய இந்திய சிம் கார்டு ஊரில் அம்மாவின் கைபேசியில் இருக்கும் அல்லது ரீசார்ஜ் செய்யாமல் இறந்துபோயிருக்கும். என்.ஆர்.ஓ. வங்கியின் நெட் பேங்கிங் வழியாக நுழைந்து சரிபார்ப்பது இங்கிருந்து செய்ய எளிது. அதுவும் முடியாவிட்டால் ரிட்டர்னின் ஒப்புகைப் படிவமான `ITR-V`ஐ அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். அனுப்பிய தேதி கணக்கில்லை, அங்கே போய்ச் சேரும் தேதிதான் கணக்கு. சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறவர் டிசம்பர் கடைசி வாரம் வரை காத்திருந்தால் தலைவலிதான்.

டிசம்பர் 31ஐத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப்பித்த ரிட்டர்ன் என்று `ITR-U` ஒன்று உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை போடலாம். அது கூடுதல் வரி கட்ட வேண்டியவருக்கு மட்டுமே. முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று மேல்வரி ஏறிக்கொண்டே போகும். ரீஃபண்டைக் கூட்டவோ வரியைக் குறைக்கவோ அதைப் பயன்படுத்த முடியாது. உங்களைப் போல அதிகமாகக் கட்டியவருக்கு 264 பிரிவில் முதன்மை ஆணையரிடம் மனுப் போடும் வழி மீதமிருக்கும். மனு, விளக்கம், மாதக்கணக்கில் காத்திருப்பு என்று அது போகும். திருத்திய ரிட்டர்னோ இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

சிங்கப்பூர் பக்கம் எளிது. தனிநபர் பங்குகளையும் நிதி ஒப்பந்தங்களையும் வாங்கி விற்று வரும் லாபத்தைப் பொதுவாகச் சொந்த முதலீடாகவே ஐராஸ் பார்க்கிறது. மூலதன ஆதாயத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டிலிருந்து தனிநபருக்கு வந்து சேரும் வருமானத்துக்கும் பெரும்பாலும் வரிவிலக்கு உண்டு. ஆகவே வேலையோடு வேலையாக ஆப்ஷன் பார்க்கும் ஒருவர் இந்த லாபத்தைத் தன் ஆண்டுப் படிவத்தில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. தவறிச் சேர்த்திருந்தால், வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்துத் திருத்தலாம். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, தினமும் சந்தையிலேயே உட்கார்ந்து அதையே பிழைப்பாகச் செய்பவரின் நிலை வேறு. அதை இங்கிருந்து நடத்தும் வியாபாரம் என்று ஐராஸ் எடுத்துக்கொள்ளலாம். அவர் இங்கேயே ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

இதையொட்டி ஒரு யோசனை உங்கள் காதுக்கு வரும். தொழில் வருமானம் என்று ஆகிவிட்டால், இந்திய-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவின்படி, இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லாதவருக்கு அங்கே வரியே இல்லை என்று வாதிடலாம். அதற்கு ஐராஸ் தரும் வசிப்புச் சான்றிதழும் இந்தியத் தளத்தில் போடும் `Form 10F`உம் தேவை. வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் இந்தியாவிடம் "இது வியாபாரம், ஒப்பந்தப்படி விலக்கு கொடு" என்றும், சிங்கப்பூரிடம் "இது சொந்த முதலீடு" என்றும் எழுதித் தருவது சங்கடமான நிலை. கேள்வி வந்தால் இரண்டு கடிதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். பல லட்சம் வரி வருகிறவர் ஆலோசகரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. அடிப்படை விலக்கிலேயே உங்கள் ஆப்ஷன் வரி சுழி ஆகிவிடுவதால், நீங்கள் அந்தக் கதவைத் தட்டவே தேவையில்லை.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம். அந்த ஆண்டு ஆப்ஷன் லாபம் அதைத் தாண்டிப் போய், டி.டி.எஸ். போக மீதி வரி 10,000 ரூபாயை எட்டுகிறதென்றால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 தேதிகளில் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். மூலதன ஆதாயம் எதிர்பாராமல் வந்தது என்பதற்கு, தவணை தவறினால் விழும் 234சி வட்டியில் சலுகை உண்டு. ஆண்டுதோறும் செய்துவரும் தொழிலின் லாபத்துக்கு அது கிடைக்காது. இப்போதே அந்த ஆண்டின் எஃப் அண்ட் ஓ தாளை இறக்கி, இதுவரையான நிகரத்தைப் பார்த்துவிட்டு, டிசம்பர் 15 தவணை வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.